கீழே இறங்கினாலே ஆல்டர்ஃபரா? ஊக்கக் கோட்பாட்டுக் கேள்விகளில் வரும் குழப்பம்

தேர்வுமேசை:
மேலாண்மைத் தாளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஊக்கம் பற்றிய உள்ளடக்கக் கோட்பாடுகள் நான்கையும் தனித்தனியாகக் கேட்டால் எழுதிவிடுவேன். அலுவலகச் சூழல் ஒன்றைக் கொடுத்து, இதற்கு எது பொருந்தும் என்று கேட்டால்தான் தடுமாற்றம். எங்கள் படிப்புக் குழுவில் கீழே உள்ள கேள்விக்கு மூன்று பேர் மூன்று விடை சொன்னோம்.

"காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் இழப்பீட்டுப் பிரிவில் பணிபுரியும் பெண் அலுவலருக்கு நிரந்தர வேலை, போதுமான சம்பளம், இணக்கமான சக ஊழியர்கள். சிக்கலான கோரிக்கைகளைத் தானே ஆராய்ந்து முடிவெடுக்கும் பொறுப்பை அவர் கேட்கிறார். மறுக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு மீண்டும் கேட்கிறார், மீண்டும் மறுப்பு. அதன்பின் அந்தப் பேச்சை அவர் எடுப்பதில்லை. பிரிவின் விழாக்களை முன்னின்று நடத்துகிறார், சக ஊழியர்களோடு செலவிடும் நேரம் வெகுவாகக் கூடிவிட்டது. இந்த மாற்றத்தை எந்தக் கோட்பாடு மிகப் பொருத்தமாக விளக்குகிறது? மாஸ்லோ / ஹெர்ஸ்பர்க் / ஆல்டர்ஃபர் / மெக்லெலண்ட்."

விடைக்குறிப்பு ஆல்டர்ஃபர் என்கிறது. ஆனால் சக ஊழியர்களோடு பழகுவது மாஸ்லோவின் சமூகத் தேவையிலும் வருகிறது, மெக்லெலண்டின் நட்புறவுத் தேவையிலும் வருகிறது. அவற்றை எப்படி ஒதுக்குவது?

குறிப்பேடு:
நான் படித்த முறையைச் சொல்கிறேன், சுலபமானது. கேள்வியில் வரும் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். தன்னிறைவு, படிநிலை என்று வந்தால் மாஸ்லோ. பாராட்டு, பொறுப்பு, வேலைச் சூழல், நிறுவனக் கொள்கை என்றால் ஹெர்ஸ்பர்க். சாதனை, அதிகாரம் என்றால் மெக்லெலண்ட். ஒருவர் மேலே போக முடியாமல் கீழே இறங்கினால் ஆல்டர்ஃபர். உங்கள் கேள்வியில் அந்த அலுவலர் இறங்கிவிட்டார். அவ்வளவுதான், ஆல்டர்ஃபர்.

தேர்வுமேசை:
ஆனால் அதே கேள்வியில் "பொறுப்பு" என்ற சொல்லும் இருக்கிறதே? உங்கள் முறைப்படி அது ஹெர்ஸ்பர்க் ஆகிவிடுமே.

விடைத்தாள்:
இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்துகிறேன், விடைத்தாள்களும் திருத்துகிறேன். மாணவர்கள் அதிகம் மதிப்பெண் இழக்கும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான்கு பேரும் பேசுவது ஏறக்குறைய ஒரே மனிதத் தேவைகளைத்தான். சக ஊழியரோடு நல்லுறவு என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்லோவில் அது மூன்றாம் படி. ஆல்டர்ஃபரில் உறவுத் தேவை. ஹெர்ஸ்பர்க்கில் அதிருப்தியைத் தடுக்கும் ஹைஜீன் காரணிகளில் ஒன்று. மெக்லெலண்டில் சிலரிடம் ஓங்கியும் சிலரிடம் அடங்கியும் இருக்கும் நட்புறவுத் தேவை. ஆகவே "இங்கே எந்தத் தேவை வருகிறது" என்று கேட்டால் நான்கு விடையும் சரியாகத்தான் தெரியும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தக் கதையில் என்ன மாறியது, எது அதை மாற்றியது?

அதே அலுவலரை வைத்துக்கொண்டு கதையை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

முதல் மாற்றம். அவர் இதுவரை தற்காலிக ஊழியர். ஒப்பந்தம் நீளுமா என்ற கவலையில் யாரோடும் ஒட்டாமல் இருந்தார். நிரந்தரம் ஆனதும் குழுவில் தனக்கென்று ஓர் இடம் தேடத் தொடங்குகிறார். இங்கே ஒரு தேவை நிறைவேறியது, அடுத்தது விழித்தது. இது மாஸ்லோ.

இரண்டாவது. பிரிவில் ஓயாத சண்டை, மேற்பார்வையாளரின் கெடுபிடி, எல்லோரும் புகார் சொல்கிறார்கள். நிர்வாகம் மேற்பார்வையாளரை மாற்றுகிறது, இருக்கைகளைச் சீர்செய்கிறது. புகார்கள் நின்றுவிடுகின்றன. ஆனால் அந்த அலுவலர் முன்பு எவ்வளவு ஈடுபாட்டோடு கோப்புகளைப் பார்த்தாரோ அதே அளவில்தான் இப்போதும் பார்க்கிறார். அதிருப்தி போனது, ஊக்கம் வரவில்லை. இது ஹெர்ஸ்பர்க். "புகார் குறைந்தது, ஆனால்" என்று ஒரு வாக்கியம் கேள்வியில் இருந்தால் அங்கே நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

மூன்றாவது. ஒரே பதவியில் ஒரே சம்பளத்தில் மூன்று அலுவலர்கள். ஒருவர் தன் முடிவு சரியா தவறா என்று உடனே தெரியக்கூடிய, கடினமான ஆனால் முடிக்கக்கூடிய கோப்புகளைக் கேட்டு வாங்குகிறார். இன்னொருவருக்குக் குழுவோடு சேர்ந்து செய்யும் வேலைதான் பிடிக்கிறது. மூன்றாமவர் பிரிவின் நடைமுறையை எப்படி மாற்றுவது என்று கூட்டத்தில் மற்றவர்களை இணங்க வைக்க முயல்கிறார். இங்கே காலப்போக்கில் எதுவும் மாறவில்லை. ஆளுக்கு ஆள் வேறுபாடு, அதுவும் நிலையான வேறுபாடு. இது மெக்லெலண்ட்.

நீங்கள் கொடுத்த மூலக் கதையில் உறவுத் தேவை முன்பே நிறைவேறித்தான் இருந்தது, "இணக்கமான சக ஊழியர்கள்" என்று கேள்வியே சொல்லிவிடுகிறது. அப்படியும் அவர் அதையே இன்னும் அதிகமாக நாடுகிறார். காரணம், மேலே வளர்ச்சித் தேவை அடைபட்டது. நிறைவேறிய ஒன்றை மீண்டும் நாடுவதற்கு மாஸ்லோவின் பொது விதியில் விளக்கம் இல்லை. அங்கே நிறைவேறிய தேவை ஊக்குவிப்பதை நிறுத்திவிடும். ஆல்டர்ஃபர் சேர்த்தது இந்த விரக்தி–பின்னடைவைத்தான். மெக்லெலண்ட் ஏன் இல்லை என்றால், இவர் தொடக்கத்தில் இருந்தே நட்பை முதன்மையாக நாடுபவர் என்று கதை சொல்லவில்லை. இரண்டு மறுப்புகளுக்குப் பிறகு வந்த மாற்றம் இது.

குறிப்பேடு:
அப்படியானால் நான் சொன்னதும் அதுதானே? இறங்கினால் ஆல்டர்ஃபர்.

விடைத்தாள்:
பாதி சரி. மீதிப் பாதியில்தான் கேள்வி அமைப்பவர்கள் கண்ணி வைப்பார்கள். இதைப் பாருங்கள்.

"மூத்த வடிவமைப்பாளர் ஒருவர் துறையில் பெயர் வாங்க வேண்டும் என்று புதிய திட்டங்களில் மும்முரமாக இருந்தார். நிறுவனத்தில் ஆட்குறைப்பு வரப்போகிறது என்ற பேச்சு பரவியதும் அவற்றை ஒதுக்கிவிட்டு, தன் வேலை நிலைக்குமா என்பதிலேயே கவனமாகிவிட்டார்."

இவரும் மதிப்புத் தேவையிலிருந்து பாதுகாப்புக்கு இறங்கிவிட்டார். ஆனால் இது ஆல்டர்ஃபரின் பின்னடைவு இல்லை. இவருடைய மேல் தேவையை யாரும் மறுக்கவில்லை. கீழே இருந்த தேவை ஆட்டம் கண்டது, அதனால் கவனம் அங்கே போனது. மாஸ்லோ 1943-இல் எழுதிய கட்டுரையிலேயே இதற்கு இடம் உண்டு. கீழ்த் தேவை பறிபோனால் அது மீண்டும் மேலோங்கும் என்பது அவருடைய முன்னுரிமை வரிசையின் நேரடி விளைவு.

ஆகவே இறக்கம் வந்தால் இன்னொரு கேள்வி கேளுங்கள். கீழே விரிசல் விட்டதா, மேலே கதவு அடைபட்டதா? கீழே விரிசல் என்றால் மாஸ்லோவே போதும். கீழே எல்லாம் நன்றாக இருக்க, மேலே அடைபட்டதால் இறங்கினார் என்றால் ஆல்டர்ஃபர்.

நீலமை:
என்னைக் கேட்டால் முதல் கேள்விக்கு இந்த நான்குமே சரியான விடை இல்லை. அந்த அலுவலருக்கு மறுத்த பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்திருப்பார்கள். தனக்கு அநீதி நடந்துவிட்டது என்ற எண்ணத்தில்தான் வேலையில் ஆர்வம் குறைந்திருக்கும். இது ஆடம்ஸின் சமத்துவக் கோட்பாடு. இதை ஏன் யாரும் சொல்லவில்லை?

விடைத்தாள்:
நடைமுறையில் அப்படியும் நடந்திருக்கலாம். ஆனால் கேள்வியில் வேறொருவருக்குக் கொடுத்தார்கள் என்று எங்கும் இல்லை. அதை நாமே சேர்த்துக்கொள்ளக் கூடாது. ஆடம்ஸுக்கு ஒப்பிட இன்னொரு மனிதர் வேண்டும்: நான் இவ்வளவு கொடுக்கிறேன், இவ்வளவு பெறுகிறேன், அவர் கொடுப்பது எவ்வளவு, பெறுவது எவ்வளவு. அந்த ஒப்பீடு கதையில் இருந்தால் அது செயல்முறைக் கோட்பாடுகளின் பக்கம் போய்விடும். முயன்றால் பலன் கிடைக்குமா என்று ஊழியர் கணக்குப் போடுவதாகக் கதை சொன்னாலும் அப்படித்தான், அது வ்ரூமின் எதிர்பார்ப்புக் கோட்பாடு. உள்ளடக்கக் கோட்பாடுகளில் யாரும் யாரோடும் ஒப்பிட்டுக் கணக்குப் போடுவதில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்பதோடு அவை நின்றுவிடும்.

நீலமை:
சரி, கேள்வியில் ஒப்பீடு இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் "ஏன் மறுத்தார்கள்" என்பதைச் சொல்லாமல் இப்படி ஒரு கேள்வியை அமைப்பது முறையில்லை என்றே இன்னும் நினைக்கிறேன்.

இரவுஷிப்ட்:
நான் தேர்வு எழுதுபவன் இல்லை, கிடங்கு ஒன்றில் இரவுநேர மேற்பார்வையாளர். தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். எங்கள் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன், இது எதில் வரும் என்று சொல்லுங்கள்.

இரவு வேலைக்கான படி குறைவு என்று ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். நிர்வாகம் படியை உயர்த்தியது. கொஞ்ச காலம் ஒரு சத்தமும் இல்லை. வேலை வேகம் மட்டும் கூடவே இல்லை, முன்பு எப்படியோ அப்படியே. அப்புறம் பழையபடி முணுமுணுப்பு, இந்த முறை புதிய தொகையும் போதவில்லை என்று. ஆனால் கடன் அடைக்க வேண்டியிருந்த இரண்டு மூன்று பேர் மட்டும் கூடுதல் நேரம் கேட்டு வாங்கி நிஜமாகவே அதிகம் உழைத்தார்கள். பணம் ஊக்குவிக்காது என்று சிலர் சொல்வார்களே, அப்படியானால் அவர்களை எது ஊக்குவித்தது?

விடைத்தாள்:
ஐயா, உங்கள் அனுபவத்தில் பாடப்புத்தகத்துக்குப் பொருந்தும் பகுதியும் இருக்கிறது, பொருந்தாத பகுதியும் இருக்கிறது.

பெரும்பான்மையோரிடம் நடந்தது அப்படியே ஹெர்ஸ்பர்க். படி உயர்ந்தது, அதிருப்தி தணிந்தது, வேலையில் மாற்றமில்லை. முணுமுணுப்பு திரும்பி வந்ததும் அவர் சொன்னதே. ஹைஜீன் காரணிகள் தரும் நிம்மதி நீடிக்காது, திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டியிருக்கும் என்பது அவர் வாதம்.

கடன்காரர்கள் விஷயத்தில் ஹெர்ஸ்பர்க் தடுமாறுகிறார். மாஸ்லோவோ ஆல்டர்ஃபரோ தடுமாற மாட்டார்கள். இருப்புத் தேவை நிறைவேறாதவருக்குப் பணம் உழைக்கத் தூண்டும் என்று இருவருமே ஒப்புக்கொள்வார்கள். தேர்வுக்குப் படிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். சம்பளம் கூடியதால் ஒருவர் அதிகம் உழைத்தார் என்று கதை சொன்னால், அது ஹெர்ஸ்பர்க்குக்கு எதிரான கதை.

ஹெர்ஸ்பர்க்கின் தரவிலேயே சம்பளம் சிக்கலான இடத்தில்தான் இருந்தது. 1959-இல் வெளியான அவருடைய ஆய்வில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும், வேலையில் மிக நன்றாக உணர்ந்த தருணத்தையும் மிக மோசமாக உணர்ந்த தருணத்தையும் சொல்லச் சொன்னார்கள். சம்பளம் இரு பக்கக் கதைகளிலும் வந்தது. அதை ஹைஜீன் பக்கம் வைத்தது ஒரு தீர்மானம், தெளிவாகப் பிரிந்து நின்றதால் அல்ல. அந்த முறையின் மீது இன்னொரு விமர்சனமும் உண்டு. நல்லது நடந்தால் "நான் சாதித்தேன்" என்றும், கெட்டது நடந்தால் "நிர்வாகம் சரியில்லை" என்றும் சொல்வது மனித இயல்பு. அப்படியானால் இரண்டு காரணிகள் என்ற பிரிவே கேள்வி கேட்ட விதத்தால் வந்ததாக இருக்கலாம். விரிவான விடையில் இதை ஒரு பத்தியாக எழுதுபவருக்கு நான் தயங்காமல் மதிப்பெண் போடுவேன்.

இரவுஷிப்ட்:
நல்லது. ஆனால் எங்கள் நிர்வாகம் இதைப் படித்துவிட்டு "படி உயர்த்திப் பயனில்லை" என்று முடிவுக்கு வந்தால் என்ன செய்வது?

விடைத்தாள்:
அப்படி முடிவெடுத்தால் ஹெர்ஸ்பர்க்கைத் தப்பாகப் படித்திருக்கிறார்கள். ஹைஜீன் சரியில்லாவிட்டால் அதிருப்தி வரும் என்பதுதான் அவர் நிலை. படி கொடுக்காதே என்று அவர் சொல்லவில்லை. படி கொடுத்துவிட்டு ஊக்கத்தை எதிர்பார்க்காதே, அதற்கு வேலையின் தன்மையையே மாற்று என்கிறார்.

தேர்வுமேசை:
நன்றி. இப்போது எனக்கு மாஸ்லோவும் ஆல்டர்ஃபரும் பிரிகிறார்கள். ஆனால் இறக்கமே இல்லாத கேள்வியில் இருவரையும் எப்படிப் பிரிப்பது? எங்கள் பயிற்சித் தாளில் இன்னொன்று: "குறைந்த சம்பளத்தில், ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்யும் இளம் ஆய்வக உதவியாளர் ஒருவர் கூடுதல் ஊதியத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டே, மாலையில் சிறப்புப் பயிற்சியும் படிக்கிறார், குழுவினரோடு நெருக்கமாகவும் இருக்கிறார்."

குறிப்பேடு:
பயிற்சி என்றால் தன்னிறைவு. மாஸ்லோ.

விடைத்தாள்:
குறிப்பேடு, சொல்லைப் பிடித்தால் அங்கேதான் போய் நிற்போம். இந்த உதவியாளரின் கீழ்த் தேவைகள் நிறைவேறவில்லை, சம்பளமும் குறைவு, வேலையும் நிலையில்லை. அப்படி இருக்கும்போதே உறவையும் வளர்ச்சியையும் ஒரே நேரத்தில் நாடுகிறார். இருப்பு, உறவு, வளர்ச்சி மூன்றும் ஒரே சமயத்தில் இயங்கலாம் என்பது ஆல்டர்ஃபர். மாஸ்லோவின் வரிசைப்படி இவர் இன்னும் கீழ்ப்படியிலேயே மூழ்கியிருக்க வேண்டும்.

நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், மாஸ்லோவும் அந்த வரிசையை இரும்புச் சட்டமாக வைக்கவில்லை. ஒரு தேவை நூற்றுக்கு நூறு நிறைவேறிய பிறகுதான் அடுத்தது பிறக்கும் என்பது தவறான எண்ணம் என்று அவரே எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றும் பகுதியளவு நிறைவேறியும் பகுதியளவு நிறைவேறாமலும் இருக்கும், மேலே போகப் போக நிறைவேறிய அளவு குறையும் என்பது அவர் கொடுத்த படம். தேர்வுத் தாள்கள் மட்டும் அவரை இறுக்கமான படிக்கட்டாகவே வைத்துக் கேட்கின்றன. கொள்குறி வினாவில் அந்த மரபுப்படி விடையளியுங்கள். விரிவான விடையில் இந்த வேறுபாட்டை எழுதுங்கள்.

நீலமை:
மெக்லெலண்டின் சாதனைத் தேவையும் ஹெர்ஸ்பர்க்கின் சாதனையும் ஒன்றா? இரண்டிலும் அதே சொல்தான் இருக்கிறது.

விடைத்தாள்:
நல்ல கேள்வி. ஹெர்ஸ்பர்க்கில் சாதனை என்பது வேலை தரும் ஒன்று. வேலையை அப்படி அமைத்தால் அதைச் செய்பவர் எவராயினும் ஊக்கம் பெறுவார் என்று எதிர்பார்க்கிறார். மெக்லெலண்டில் அது ஆள் கொண்டுவரும் ஒன்று, வாழ்க்கையில் கற்றுக்கொண்டது. ஒரே வேலையைக் கொடுத்தாலும் ஒருவருக்கு அது பற்றிக்கொள்ளும், இன்னொருவருக்குப் பற்றாது.

வளையம் எறியும் சோதனை நினைவிருக்கிறதா? எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பது அவரவர் விருப்பம். சாதனைத் தேவை ஓங்கியவர்கள் மிக அருகிலும் நிற்கவில்லை, மிகத் தொலைவிலும் நிற்கவில்லை. முயன்றால் விழும், முயலாவிட்டால் விழாது என்ற நடுத்தூரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எனவே கேள்வியில் மிதமான இடர், உடனடிப் பின்னூட்டம், தன் முயற்சியால் வந்த முடிவு என்ற குறிகள் சேர்ந்து வந்தால் மெக்லெலண்ட். நிர்வாகம் ஒரு பிரிவின் வேலையைத் திருத்தி அமைத்ததால் அங்குள்ள ஊழியர்கள் பொதுவாக ஈடுபாடு காட்டினார்கள் என்றால் ஹெர்ஸ்பர்க்.

எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: "மிகக் கடினமான, யாராலும் முடியாத இலக்கை விரும்பி ஏற்கிறார்" என்று கேள்வி வரும், மாணவர் உடனே சாதனைத் தேவை என்று எழுதிவிடுவார். அது சாதனைத் தேவையின் குறி அல்ல.

தேர்வுமேசை:
கடைசியாக ஒன்று. "மாதந்தோறும் சிறந்த ஊழியருக்கு எல்லோர் முன்னிலையிலும் சான்றிதழ் வழங்கத் தொடங்கியதும், கிளை ஊழியர்களின் ஈடுபாடு கூடியது." இது மாஸ்லோவின் மதிப்புத் தேவையா, ஹெர்ஸ்பர்க்கின் பாராட்டா? விடைக்குறிப்பு மாஸ்லோ என்கிறது.

குறிப்பேடு:
இது நிச்சயம் ஹெர்ஸ்பர்க். நிர்வாகம் ஒரு காரணியைச் சேர்த்தது, எல்லோருடைய ஈடுபாடும் கூடியது. விடைத்தாள் அவர்கள் சொன்ன முறைப்படியே பார்த்தாலும் அதுதான் வரும்.

விடைத்தாள்:
நானும் ஹெர்ஸ்பர்க் பக்கமே சாய்வேன், ஆனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அதிருப்தி பற்றி ஒரு சொல் இருந்திருந்தால் தயக்கமில்லாமல் ஹெர்ஸ்பர்க். கீழ்த் தேவைகள் நிறைவேறிவிட்டன என்று ஒரு வரி இருந்திருந்தால் மாஸ்லோ. இரண்டும் இல்லை. ஆல்டர்ஃபரை வைத்துப் பார்த்தால் இன்னும் சிக்கல், ஏனென்றால் பிறர் தரும் மதிப்பை அவர் உறவுத் தேவையில் வைக்கிறார், தனக்குள் எழும் சுயமதிப்பைத்தான் வளர்ச்சியில் வைக்கிறார். "எல்லோர் முன்னிலையிலும்" என்பதை அழுத்திப் படித்தால் இது உறவுத் தேவை என்றுகூட ஒருவர் வாதாடலாம்.

நீலமை:
மாஸ்லோ என்று விடைக்குறிப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சான்றிதழ் கிடைத்தவர் ஒருவர்தான், கிடைக்காதவர்களின் ஈடுபாடும் கூடியிருக்கிறது. பாராட்டே கிடைக்காதவர்களைப் பாராட்டு ஊக்குவித்தது என்று ஹெர்ஸ்பர்க்கால் எப்படிச் சொல்ல முடியும்? அவர்களிடம் இருப்பது நிறைவேறாத மதிப்புத் தேவை. நிறைவேறாத தேவைதான் உந்தும் என்பது மாஸ்லோ.

விடைத்தாள்:
இந்தக் கோணம் வலுவானது. அப்படி எழுதியிருந்தால் நான் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். ஆனால் அந்தக் கிளையில் மற்ற ஊழியர்களின் கீழ்த் தேவைகள் எந்த நிலையில் இருந்தன என்று தெரியாமல் மாஸ்லோவை முடிவாக எழுதவும் என் கை வரவில்லை.

குறிப்பேடு:
எனக்கு இன்னும் ஹெர்ஸ்பர்க்தான். பயிற்சித் தாளை அமைத்தவருக்கே எழுதிக் கேளுங்கள், பதில் வந்தால் இங்கே போடுங்கள்.